கேபிளைச் செருகாமல் எழுதிய தீர்ப்பு

கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் இணையம் ஏன் ஊர்கிறது என்ற கேள்விக்குச் சென்ற இதழ்க் கட்டுரை ஒரே மூச்சில் தீர்ப்பு எழுதிவிட்டது. அதன் ஆதாரம் கச்சிராயபாளையம் சாலையில் உள்ள ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே 200 மெகாபிட் திட்டம் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கைபேசியில் சோதித்தால் 31 வருகிறது. ரவுட்டருக்குள்ளேயே இருக்கும் சோதனை 118 என்கிறது. அவருடைய மகன் லேப்டாப்பில் கேபிள் போட்டு, சேவை நிறுவனத்தின் சோதனைப் பக்கத்தில் பார்த்தால் 94. மூன்று சோதனைக்கு மூன்று எண் வருவதால் சோதனை என்பதே ஏமாற்று வேலையாம். கேபிள் போட்டுப் பார்ப்பது பழைய காலத்துப் பழக்கமாம். ரவுட்டரும் நிறுவனத்தின் பக்கமும் கூட்டுக் களவாணிகளாம். கையில் இருக்கும் கைபேசி காட்டுவது ஒன்றே உண்மையாம். குற்றவாளி நிறுவனம், வழக்கு முடிந்தது என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்திருக்கிறார் கட்டுரையாளர்.

நிறுவனத்துக்கு வக்காலத்து வாங்க எனக்கு எந்தத் தேவையும் இல்லை. இந்தப் பகுதியில் இணைய நிறுவனங்கள் செய்யும் அநியாயம் எனக்கு நன்றாகவே தெரியும். அதில் ஒன்றைப் பின்னால் விரிவாகவே சொல்கிறேன். என் கோபம் வேறு. இந்தக் கட்டுரையை நம்பி ஒருவர் புகார் கொடுத்தால் அந்தப் புகார் முதல் அழைப்பிலேயே செத்துப்போகும். “போன்ல பார்த்தா ஸ்லோவா வருது” என்று அவர் சொல்வார். “அது உங்க வைஃபை பிரச்சினை சார், எங்க லைன் நல்லா இருக்கு” என்று எதிர்முனையில் பதில் வரும். அதற்கு மேல் பேச அவர் கையில் எதுவும் இருக்காது. நிறுவனத்தைக் கூண்டில் ஏற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, நிறுவனம் தப்பிக்கும் கதவை அகலத் திறந்து வைத்திருக்கிறார் கட்டுரையாளர்.

மூன்று எண்கள் வேறுபட்டதும் அவர் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி, ஒவ்வொரு சோதனையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது. அந்தக் கேள்வியைக் கட்டுரையில் எங்குமே காணோம். கைபேசியில் தொடங்கும் சோதனை, வைஃபை வழியாக ரவுட்டருக்கு வந்து, ஃபைபர் வழியாக நிறுவனத்தின் கருவிகளுக்குப் போய், அதையும் தாண்டி வெளியே எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் முடிகிறது. லேப்டாப்பைக் கேபிளில் போட்டால் இந்தப் பாதையிலிருந்து வைஃபை மட்டும் கழிந்துவிடும். ரவுட்டரின் சொந்தச் சோதனையில் லேப்டாப்பும் கேபிளும்கூடக் கழிந்துவிடும். அது தொடங்குவதே ரவுட்டரில்தான். நிறுவனத்தின் சோதனைப் பக்கம் மறுமுனையைச் சுருக்குகிறது. அதன் சர்வர் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருப்பதால், வெளியுலகத்தோடு நிறுவனம் இணையும் பாதை அந்தக் கணக்கில் வராது. ஆக மூன்று சோதனைகளும் ஒரே சாலையின் வெவ்வேறு நீளங்களை அளக்கின்றன. மூன்றும் ஒரே எண்ணைத் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தவறு. வேறுபடுவதில்தான் பயனே இருக்கிறது, எந்தத் துண்டைச் சேர்த்ததும் எண் விழுகிறதோ அந்தத் துண்டில்தான் கோளாறு தொடங்குகிறது என்பதால்.

இப்படிக் கழித்துப் பார்க்க ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கட்டுரையாளரே எழுதியிருப்பதைப் படியுங்கள். கைபேசிச் சோதனை இரவு 9 மணிக்கு, கடையின் பின்னறையில். ரவுட்டர் எண், அது விடியற்காலையில் தானே ஓட்டிச் சேமித்து வைத்தது. லேப்டாப் சோதனை மதியம். நேரம் வேறு, இடம் வேறு, தொடங்கும் புள்ளி வேறு, முடியும் சர்வர் வேறு. நான்கையும் ஒரே அடியில் மாற்றிவிட்டு எண்கள் ஒத்துவரவில்லை என்று கூச்சலிடுபவர் எதையும் அளக்கவில்லை.

அந்தக் கடைக்கு நான் போனேன். ரவுட்டர் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால், சுவரோடு ஒட்டிய பலகையில் இருந்தது. அதிலிருந்து மேசைக்கு வரும் லேன் கேபிளின் ஜாக்கில் பூட்டும் நாக்கு உடைந்திருந்தது. தொட்டால் ஆடும். கடைக்காரர் “அது ரொம்ப நாளா அப்படித்தான் சார் இருக்கு, நெட் வருதுல்ல” என்றார். நெட் வந்தது உண்மைதான். எந்த வேகத்துக்குப் பேசி வைத்துக்கொண்டு வந்தது என்பதைத்தான் யாரும் பார்க்கவில்லை. லேப்டாப்பும் ரவுட்டரும் கேபிளில் இணைந்ததும் தமக்குள் ஒரு வேகத்தை ஒப்புக்கொள்ளும். விண்டோஸ் லேப்டாப்பில் பவர்ஷெல்லைத் திறந்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் அது தெரிந்துவிடும்:

```
Get-NetAdapter | Format-Table Name, LinkSpeed
```

திரையில் `100 Mbps` என்று வந்தது. கட்டுரையாளரின் 94 எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். 1 கிகாபிட் இணைப்புக்குக் கேபிளின் எட்டுக் கம்பிகளும், அதாவது நான்கு இணைகளும், ஒழுங்காகத் தொட்டிருக்க வேண்டும். ஓர் இணை விட்டுப்போனாலும் பெரும்பாலும் இரு கருவிகளும் இரண்டு இணைகளில் ஓடும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். இணைப்பு அறுவதில்லை, பச்சை விளக்கும் எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த 100-லும் முழுதாக 100 கைக்கு வராது. கம்பியில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் 1538 பைட்டிலும் முகவரி, சரிபார்ப்பு, இடைவெளி எல்லாம் போக நம் தரவு சுமார் 1450 பைட்தான். கணக்குப் போட்டால் 94 சொச்சம். ஆகவே 94 என்பது கைரேகை மாதிரி. 200 மெகாபிட் திட்டத்தில் கேபிள் போட்ட லேப்டாப்பில் 94 வந்து நின்று, எத்தனை தடவை ஓட்டினாலும் அதே 94 வந்தால், முதலில் கேபிளைப் பார், பிறகு போர்ட்டைப் பார் என்று பொருள். நிறுவனம் வேகத்தைத் திருடினால் இத்தனை துல்லியமாக, ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில் வந்து நிற்காது.

கேபிளை மாற்றினோம். இணைப்பு 1 கிகாபிட்டுக்கு ஏறியது. அதே மதியம், அதே லேப்டாப், அதே நிறுவனப் பக்கம்: 196. சென்னையில் உள்ள வேறொரு நிறுவனத்தின் சர்வரை வைத்து ஓட்டினால் 193. “200-க்குக் காசு வாங்கிக்கொண்டு பாதிகூடக் கொடுக்கவில்லை” என்று தடித்த எழுத்தில் அச்சேறிய குற்றச்சாட்டு ஒரு கேபிளோடு போயிற்று. அந்தக் கேபிள் இணைப்பு கொடுக்க வந்தவர் போட்டது என்றால் அந்தப் பிழை நிறுவனத்தின் கணக்கில்தான் சேரும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதைக் கேட்பதற்கும் கேபிள்தான் குற்றம் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையாளருக்கு அது தெரியவில்லை, தெரிந்துகொள்ள அவர் முயலவும் இல்லை.

இனி அவர் துருப்புச்சீட்டாக இறக்கிய ரவுட்டர் எண். “ரவுட்டருக்கே 118 தான் வருகிறது என்றால் அதற்குப் பின்னால் இருக்கும் லேப்டாப்புக்கு அதைவிட அதிகம் எப்படி வரும்? வந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது” என்று கேட்கிறார். கேபிள் மாற்றிய பிறகு லேப்டாப்பில் 196. ரவுட்டரின் சோதனையை மறுபடி ஓட்டினால் அப்போதும் 118-ஐ ஒட்டித்தான் வருகிறது. அவர் கேள்வி பார்வைக்கு நியாயமாகத் தெரிகிறது. கேட்டவுடன் கையைத் தட்டத் தோன்றும். ஆனால் ரவுட்டர் எப்படி வேலை செய்கிறது என்று அறியாத கேள்வி அது.

ரவுட்டர் செய்யும் வேலைகளில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, ஒரு பக்கம் வந்த பொட்டலத்தை மறுபக்கம் தள்ளிவிடுவது. இதற்குப் பல ரவுட்டர்களில் தனி வன்பொருள் உண்டு. இணைப்பின் முதல் சில பொட்டலங்களை மட்டும் மையச் செயலி பார்த்து வழி சொல்லிவிடும். மற்றவை செயலியைத் தொடாமலே ஓடிவிடும். இரண்டாவது, பொட்டலம் தனக்கே வந்தது என்று வாங்கிக்கொள்வது. ரவுட்டர் தானே வேகச் சோதனை ஓட்டும்போது நடப்பது இது. ஒவ்வொரு பொட்டலத்தையும் செயலியே வாங்கி, வரிசை பார்த்து, வந்துவிட்டது என்று பதில் அனுப்பி, நினைவகத்தில் நகர்த்தி, எண்ண வேண்டும். சோதனைச் சர்வர் மறையாக்கம் கேட்டால் அந்தச் சுமையும் அதன் தலையில்தான். வீட்டு ரவுட்டரில் இருப்பது சிறிய செயலி. லைன் தரும் வேகத்துக்கு முன்னாலேயே அதற்கு மூச்சு வாங்கிவிடும். சோதனை ஓடும்போது ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் செயலியின் பளு காட்டப்பட்டால் பாருங்கள். அது 100 விழுக்காட்டை ஒட்டி நின்றால் அந்த எண் லைனின் வேகம் அல்ல, செயலியின் எல்லை.

ஆகவே ரவுட்டர் எண்ணை ஒருபக்கமாகத்தான் படிக்க வேண்டும். லைன் குறைந்தது இவ்வளவாவது தருகிறது என்பதற்கு அது சாட்சி. லைன் இவ்வளவுதான் தருகிறது என்பதற்கு அது சாட்சியே அல்ல. ரவுட்டர் 190 காட்டி லேப்டாப் 94 காட்டினால் கோளாறு வீட்டுக்குள் என்று துணிந்து சொல்லலாம். ரவுட்டர் 118 காட்டினால், கேபிள் போட்ட லேப்டாப்பிடம் கேட்காமல் ஒரு முடிவுக்கும் வரக்கூடாது. மூன்று சோதனை எதற்கு என்று கட்டுரையாளர் எள்ளி எழுதினாரே, இதற்குத்தான். ஒன்று சொல்ல முடியாததை இன்னொன்று சொல்கிறது. அந்த 118-ஐ மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிறுவனத்திடம் சண்டைக்குப் போயிருந்தால், லைன்மேன் தன் லேப்டாப்பைச் செருகி 196 காட்டி, கடைக்காரரை ஊர் நடுவில் தலைகுனிய வைத்திருப்பார். அப்படிப்பட்ட ஆயுதத்தைத்தான் இவர் வாசகர் கையில் கொடுத்திருக்கிறார்.

மீதி இருப்பது கைபேசியின் 31. இவருக்கு அது ஒன்றே உண்மை. பின்னறைக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவரும் ஓர் இரும்பு பீரோவும் இருக்கின்றன. அங்கே நிற்கும் கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பிடித்திருந்தது. அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. கடைத்தெருவில் பக்கத்துக் கடைகளின் ரவுட்டர்கள் எல்லாம் இந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கின்றன. அதே கைபேசியை எடுத்துக்கொண்டு ரவுட்டருக்கு எதிரில் வந்து 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தால் 180 வந்தது. லைன் மாறவில்லை, நிறுவனம் மாறவில்லை. நின்ற இடமும் அலைவரிசையும் மாறின. இதில் வியக்க எதுவும் இல்லை. ஸ்ரீகாந்த் சுந்தரேசன், நிக் ஃபீம்ஸ்டர், ரெனாட்டா டெஷேரா ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, வீடுகளின் ரவுட்டரிலேயே அளந்து, நெரிசல் லைனிலா வைஃபையிலா என்று பிரித்துப் பார்த்தது. இறக்க வேகம் சுமார் 20 மெகாபிட்டைத் தாண்டிய வீடுகளில் லைன் நெரிசல் அரிது, வைஃபை நெரிசலே அதிகம் என்று அது கண்டது. அமெரிக்காவின் எஃப்சிசி 2011-இல் முதல் அகலப்பட்டை அளவீட்டு அறிக்கையை வெளியிட்டபோது நம்பியது கைபேசிகளை அல்ல, வீடுகளில் கம்பியில் இணைத்து வைத்த தனி அளவுப்பெட்டிகளை. வீட்டில் வேறு யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரம் பார்த்து அவை அளந்தன. நிறுவனங்களைக் கேள்வி கேட்க நினைத்தவர்கள் அப்படித்தான் அளந்திருக்கிறார்கள். கட்டுரையாளர் பழைய காலத்துப் பழக்கம் என்று தள்ளியது அந்த முறையைத்தான்.

நிறுவனத்தின் சோதனைப் பக்கம் அதன் சொந்தச் சர்வரில் ஓடுகிறது, ஆகவே அது மோசடி என்ற வாதம் அரைகுறை. சொந்தச் சர்வர் என்பது உண்மை. நிறுவனம் வெளியுலகத்தோடு இணையும் இடத்தில் நெரிசல் இருந்தால் அந்தப் பக்கம் அதைக் காட்டாது என்பதும் உண்மை. அதனால்தான் அதே லேப்டாப், அதே கேபிள், அதே நிமிடத்தில் வெளிச் சர்வர்கள் இரண்டு மூன்றையும் சோதிக்க வேண்டும். நிறுவனப் பக்கம் நன்றாக வந்து வெளிச் சர்வர்கள் எல்லாமே விழுந்தால் கோளாறு நிறுவனத்தின் வெளிவாசலில். ஒரே ஒரு வெளிச் சர்வர் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் அந்தச் சர்வர் பக்கத்தில் அல்லது அதற்குப் போகும் பாதையில். ஆனால் நிறுவனத்தின் சொந்தச் சர்வரிலேயே, கம்பியில், வேகம் விழுந்தால்? அப்போது கைகாட்ட நிறுவனத்துக்கு வேறு யாருமே இல்லை. வைஃபை இல்லை, வெளியுலகம் இல்லை. நிறுவனத்துக்கு எதிராக நிறுவனமே கொடுக்கும் வாக்குமூலம் அது. அந்தச் சாட்சியைத் தூக்கி எறி என்கிறார் கட்டுரையாளர். இதைவிடப் பெரிய உதவியை நிறுவனம் யாரிடம் எதிர்பார்க்க முடியும்?

மலைக்கு வருகிறேன். என்னைக் கொதிக்க வைத்தது கட்டுரையின் இந்தப் பகுதி. கல்வராயன் மலையில் வேகம் குறைவதற்கு அவர் சொல்லும் காரணம், ஃபைபர் மின்கம்பங்களில் தொங்குகிறது, காற்றில் ஆடுகிறது என்பது. தமிழ்நாட்டில் பாரத்நெட் இரண்டாம் கட்டத்தின் ஃபைபர் பெரும்பகுதி கம்பங்களில்தான் போகிறது; மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் அதைக் கொண்டுபோகும் வேலை டான்ஃபிநெட் கையில். கம்பத்தில் கட்டிய ஃபைபரை மரம் விழுந்து அறுக்கும், லாரி இழுத்துக்கொண்டு போகும், அதெல்லாம் நடப்பதுதான். ஆனால் ஆடுவதால் வேகம் குறையாது. ஃபைபரில் ஒளியைத் தின்பவை முறுக்கி மடித்த வளைவு, சரியாக ஒட்டாத இணைப்பு, தூசி படிந்த கனெக்டர். அந்த இழப்பும் நேரடியாக வேகக் குறைவாக மாறுவதில்லை. வீட்டு ஓஎன்டி பெட்டியின் பக்கத்தில் `Rx Power` என்று வந்து சேரும் ஒளியின் அளவு இருக்கும். அது −19 டிபிஎம்மிலிருந்து −22-க்குப் போனால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். வேகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. வழக்கமான ஜிபான் பெட்டிக்கு −27-ஐ நெருங்கும்போதுதான் பிழைகள் பெருகி இணைப்பு தடுமாறும், பிறகு சிவப்பு விளக்கு எரிந்து அறுந்துவிடும். இன்னொன்று, ஒளிக் கோளாறுக்குக் கடிகாரம் தெரியாது. மழையோடு வரலாம், யாரோ கேபிளைத் தொட்டதும் வரலாம். தினமும் மாலை 7 மணிக்கு வந்து இரவு 11 மணிக்குப் போகாது.

வெள்ளிமலையில் ஒரு போட்டோ, ஜெராக்ஸ் கடை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவர் நடத்துகிறார். பகலில் பெற்றோர் காட்டு வேலைக்குப் போய்விடுவதால் மாலைதான் கூட்டம். ஆவணங்களை ஏற்றும்போது பாதியில் நின்றுவிடும். திரும்ப முதலிலிருந்து. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த அம்மா, கடைசி வண்டிக்கு நேரமாகிறது என்று எழுந்து போய்விடுவார். அந்த இழப்புக்குக் காற்றைக் காரணம் சொல்லி முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

அங்கே 40 மெகாபிட் திட்டம். நல்ல கேபிள், 1 கிகாபிட் இணைப்பு என்று முதலில் உறுதி செய்துகொண்டு, கடையில் இருந்த கைபேசிகளின் வைஃபையை எல்லாம் அணைத்துவிட்டு அளந்தோம். காலையில் நிறுவனப் பக்கம் 38, ரவுட்டரின் சோதனை 38. இந்த வேகத்துக்கு ரவுட்டரின் செயலியே போதும் என்பதால் இரண்டும் ஒத்துப்போயின. மாலை 8 மணிக்கு நிறுவனப் பக்கம் 7. ரவுட்டரின் சோதனையும் 7. வெளிச் சர்வர்களும் அதே அளவில். ஓஎன்டியில் ஒளி காலையும் மாலையும் −21. மூன்று சோதனைகளும் சேர்ந்தே விழுந்துவிட்டதால், மூன்றுக்கும் பொதுவான துண்டில்தான், அதாவது ரவுட்டருக்கு வெளியே நிறுவனத்தின் வலைக்குள்தான், கோளாறு இருக்க வேண்டும். கடைக்காரரின் லேப்டாப்பையும் கேபிளையும் வைஃபையையும் இனி யாரும் குற்றம் சொல்ல முடியாது.

எங்கே தொடங்குகிறது என்று இன்னும் நெருங்கிப் பார்க்க இரண்டு கட்டளைகள்:

```
ping -n 50 192.168.1.1
tracert -d 8.8.8.8
```

முதலாவது ரவுட்டரைத் தட்டிப் பார்ப்பது. அந்த முகவரி உங்கள் ரவுட்டருக்கு வேறாக இருக்கலாம். காலையும் மாலையும் 1 மில்லிவினாடிக்குள் பதில், ஒன்றும் தொலையவில்லை. ஆக ரவுட்டர் வரை சுத்தம். இரண்டாவதில் ரவுட்டருக்கு அடுத்து வரும் வரி, நிறுவனத்தின் முதல் கருவி. காலையில் அங்கே 4 மில்லிவினாடி. மாலையில் 180-க்கு மேல், இடையிடையே நட்சத்திரக் குறி. இங்கே அவசரப்படக்கூடாது. வழியில் உள்ள கருவிகள் மற்ற பொட்டலங்களைத் தள்ளும் வேலைக்கு முன்னுரிமை கொடுத்து, நம் தட்டலுக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடுவது உண்டு. ஒரு வரியில் மட்டும் தாமதம் தெரிந்து அடுத்த வரிகள் வேகமாக இருந்தால் அது கோளாறே அல்ல. வெள்ளிமலையில் அந்த 180 அடுத்தடுத்த வரிகளிலும் கடைசி வரை இறங்காமல் வந்தது. தாமதம் அங்கே பிறந்து அப்படியே தொடர்ந்தது. ஒளி நன்றாக இருக்கிறது, வேகம் கடிகாரத்தைப் பார்த்து விழுகிறது, தாமதம் நிறுவனத்தின் முதல் கருவியிலேயே தொடங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரே பொருள்தான்: பல வீடுகளுக்குப் பொதுவான பாதையில் அது தாங்கும் அளவுக்கு மேல் இணைப்பு விற்றிருக்கிறார்கள், மாலையில் எல்லோரும் திறந்ததும் அது திணறுகிறது. காற்றுக்கும் கம்பத்துக்கும் இதில் பங்கில்லை. இது முழுக்க முழுக்க நிறுவனத்தின் குற்றம். மலைதானே, அப்படித்தான் இருக்கும் என்று எழுதி இந்தக் குற்றத்தை மறைத்தவர் கட்டுரையாளர்.

மலைமக்களிடம் லேப்டாப் ஏது என்றும் கேட்டிருக்கிறார், அவர்கள் மேல் தனக்கு மட்டும்தான் அக்கறை என்பதுபோல. 2011 முதல் அரசு பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப் இந்த மலையின் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் கணினி இருக்கிறது, பள்ளியில் இருக்கிறது. புது மெல்லிய லேப்டாப்பில் லேன் துளை இல்லாவிட்டால் யுஎஸ்பியில் செருகும் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். அது 100 மெகாபிட் வகையா 1 கிகாபிட் வகையா என்று மேலே சொன்ன கட்டளையில் பார்த்துவிட்டு நம்ப வேண்டும். கைபேசியைத் தவிர உங்களுக்கு வேறு கதியில்லை என்று மலைவாசியிடம் சொல்வது அக்கறை ஆகாது. நகரத்து வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியை நீ கேட்க முடியாது என்று அவரை வாசலிலேயே நிறுத்துவது அது.

வெள்ளிமலைக் கடைக்காரர் இப்போது புகார் கொடுத்திருக்கிறார். “நெட் ஸ்லோ” என்று அதில் எழுதவில்லை. காலை, மாலை என்று நேரம் குறித்து, கேபிளில் போட்ட லேப்டாப், ரவுட்டர், நிறுவனப் பக்கம் மூன்றின் எண்களையும், இரு நேரத்து ஒளி அளவையும், ரவுட்டர் வரை 1 மில்லிவினாடி, அதற்கு அடுத்த கருவியில் 180 என்பதையும் எழுதி, திரையின் படங்களை இணைத்திருக்கிறார். அழைப்பை எடுத்தவர் வழக்கம்போல “ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க” என்று தொடங்கினார். “நிறுவனத்தோட சொந்தப் பக்கத்துலேயே கம்பியில 7 தான் வருது சார், காலையில 38” என்று இவர் சொன்னதும் பேச்சு அடுத்த நிலை அதிகாரிக்குப் போனது. புகார் எண்ணை வாங்கி வைத்திருக்கிறார். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012-ஆம் ஆண்டு குறைதீர்ப்பு விதிகளின்படி, புகாருக்குச் சரியான தீர்வு கிடைக்காவிட்டால் அந்த எண்ணை வைத்து நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 39 நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கட்டுரையாளர் பரிந்துரைக்கும் கைபேசிப் படத்தை அந்த மேசையில் வைத்தால், வைஃபையைப் பாருங்கள் என்று ஒரே வரியில் கோப்பை மூடிவிடுவார்கள். வெள்ளிமலையின் எண்களுக்கு அந்தப் பதில் செல்லாது.